குடி குடியைக் கெடுக்கும்: இதில் எது பெயர், எது வினை?

பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா பெண் போன வாரம் ஒரு பயிற்சித்தாளோடு வந்தாள். கேள்வி இதுதான்: 'குடி குடியைக் கெடுக்கும்' என்ற தொடரில் அடிக்கோடிட்ட சொற்கள் எவ்வகைச் சொற்கள்? இரண்டு 'குடி'க்கும் அடியில் கோடு. இவள் இரண்டுக்கும் 'வினைச்சொல்' என்று எழுதியிருந்தாள். தாள் திருத்தியவர் இரண்டையும் சிவப்பில் அடித்திருந்தார்.

"மாமா, குடின்னா குடிக்கிறதுதானே? அது வினைதானே?" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 'குடி' என்று தனியாக ஒரு சொல்லைக் காட்டி இது என்ன சொல் என்று கேட்டால், அது வினை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் தனியாக நிற்கிற 'குடி'க்கு விடையே கிடையாது. அது ஒரு தொடருக்குள் வந்து நின்ற பிறகுதான் பெயரா, வினையா, வேறொரு பெயருக்கு அடையா என்று சொல்ல முடியும். தேர்வில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் இதற்காகத்தான். சொல்லின் பொருள் தெரியுமா என்பது அங்கே கேள்வி அல்ல. அது தொடரில் என்ன வேலை செய்கிறது என்று தெரியுமா என்பதுதான் கேள்வி.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆங்கில வகுப்பில் எட்டு வகைச் சொற்கள் என்று படித்திருப்பீர்கள். தமிழ் மரபிலக்கணம் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பிரிக்கிறது. 'நல்ல', 'பெரிய' போன்றவற்றை இன்று பெயரடை என்கிறோம். மரபில் அவை குறிப்புப் பெயரெச்சம். 'ஓடும் ரயில்' என்பதில் வரும் 'ஓடும்' பெயரெச்சம். 'குடிநீர்' என்பதில் வரும் 'குடி' வினைத்தொகையின் முதற்பகுதி. இவற்றின் பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்: பின்னால் வரும் பெயரை 'எப்படிப்பட்டது' என்று விளக்குவது. ஆகவே அடையாக நிற்கும் சொல் என்று நான் இங்கே சொல்லும்போது இவை எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது 'குடி'க்கு வருவோம். பெயரைக் கண்டுபிடிக்கப் பழைய வழியே நல்ல வழி. பெயர் வேற்றுமை உருபை ஏற்கும். வினை காலம் காட்டும். இரண்டாவது 'குடியை' என்பதில் 'ஐ' உருபு கண் முன்னாலேயே நிற்கிறது. அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை, அது பெயர். முதல் 'குடி'யில் உருபு இல்லை, ஏனென்றால் அது எழுவாய். ஆனால் தொடரைச் சற்று மாற்றிப் பாருங்கள்: 'குடியால் குடி கெட்டது.' உடனே 'ஆல்' ஒட்டிக்கொள்கிறது. ஆக அதுவும் பெயர்தான்.

இரண்டும் பெயர் என்றாலும் இரண்டும் ஒரே வகைப் பெயர் அல்ல. முதல் 'குடி' இருக்கும் இடத்தில் 'குடித்தல்' என்று வைத்துப் பாருங்கள். 'குடித்தல் குடியைக் கெடுக்கும்' என்பது பொருந்துகிறது. இரண்டாவதன் இடத்தில் வைத்தால் 'குடி குடித்தலைக் கெடுக்கும்' என்று ஆகி, பொருளே இல்லாமல் போகிறது. முதலாவது குடிக்கும் செயலின் பெயர். 'தல்' போன்ற விகுதி எதுவும் சேராமல் வினையின் முதனிலை மட்டுமே பெயராக நிற்பதால் அதை முதனிலைத் தொழிற்பெயர் என்கிறோம். 'அவனுக்கு நல்ல அடி' என்னும்போது வரும் 'அடி'யும், 'ஒரு உதை விழுந்தது' என்னும்போது வரும் 'உதை'யும் இதே இனம். இரண்டாவது 'குடி', குடும்பம் என்று பொருள் தரும் வேறொரு சொல். குடித்தனம், குடிமக்கள் என்பவற்றில் இருக்கும் குடி அது. அதற்கும் குடிப்பதற்கும் பொருளில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எழுத்து மட்டும் ஒன்று.

"அப்ப எங்கதான் மாமா வினையா வரும்?" என்றாள்.

'மருந்தைக் குடி' என்றால் அது வினை. ஒருவரைப் பார்த்து ஏவுவது, அதனால் ஏவல் வினைமுற்று. இதைச் சோதிக்க நான் அவளுக்குச் சொன்ன வழி எளிது. அதே பேச்சை ஒரு பெரியவரிடம் சொல்வதாக வைத்துக்கொள். 'மருந்தைக் குடியுங்கள்' என்று மரியாதை விகுதி வந்து சேரும். வேண்டாம் என்று தடுப்பதானால் 'குடிக்காதே' என்று ஆகும். நடந்து முடிந்ததைச் சொன்னால் 'மருந்தைக் குடித்தான்' என்று காலம் வந்து உட்காரும். 'குடியைக் கெடுக்கும்' என்பதில் உள்ள 'குடி'க்கு இதில் ஒன்றையும் செய்ய முடியாது. மரியாதை, மறுப்பு, காலம் ஆகிய மூன்றுக்கும் வளைந்து கொடுப்பது வினை மட்டுமே.

மூன்றாவது வேலைதான் பலரும் தவறவிடுவது. 'குடிநீர்' என்று எழுதும்போது 'குடி' என்ன செய்கிறது? அது நீரைக் குடிக்கச் சொல்லவில்லை. குடித்தல் என்ற செயலுக்குப் பெயராகவும் இல்லை. நீர் எப்படிப்பட்டது என்று சொல்கிறது. குடித்த நீர், குடிக்கின்ற நீர், குடிக்கும் நீர் என்று மூன்று காலத்துக்கும் விரித்துப் பார்த்தால் மூன்றுமே பொருந்துகின்றன. காலம் உள்ளே இருக்கிறது, ஆனால் வெளியே தெரியவில்லை. நன்னூல் இதை 'காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை' என்று நாலே சொல்லில் முடித்துவிடும். கரந்த என்றால் மறைந்த.

இன்னும் ஒரு சோதனையும் இங்கே உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. அடையாக நிற்கும் சொல் உருபை ஏற்பதில்லை. உருபு அதைத் தாண்டிப் போய்ப் பின்னால் உள்ள பெயரில்தான் உட்காரும். 'குடிநீரை' என்கிறோம், 'குடியை நீர்' என்று சொல்வதில்லை. 'ஓடும் ரயிலில்', 'நல்ல பிள்ளையிடம்', 'ஆறு பேருக்கு' என எதை எடுத்தாலும் உருபு கடைசிச் சொல்லுக்கே போகும்.

ஒற்றும் காட்டிக்கொடுக்கும். குடிதண்ணீர் என்கிறோம், குடித்தனம் என்கிறோம். முதலாவதில் 'த்' மிகவில்லை, இரண்டாவதில் மிகுந்திருக்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பது விதி. குடிதண்ணீர், ஊறுகாய், சுடுகாடு எல்லாம் அந்த விதிப்படிதான் ஒற்றில்லாமல் நிற்கின்றன. குடிப்பழக்கம், குடிப்பிறப்பு, குடிக்கூலி என்று ஒற்று மிகும் இடங்களில் 'குடி' பெயர். நாம் யோசிக்காமலே நம் நாக்கு பெயரையும் வினையையும் பிரித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்தச் சோதனையைப் பின்னால் பெயர் வரும்போது மட்டும்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 'குடிபெயர்ந்தார்கள்' என்பதில் ஒற்று இல்லையே, அதனால் இந்தக் 'குடி' வினை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அங்கே பின்னால் வருவது வினை, கணக்கு வேறு.

வினையடி அடையாக நிற்பதற்கு ஒரு குறளைக் காட்டினேன்.

செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்
நல்விருந்து வானத் தவர்க்கு.

இதில் விருந்து மூன்று முறை வருகிறது. அது விருந்தினரைக் குறிக்கிறது. மூன்றுக்கும் முன்னால் ஓர் அடை. செல், வரு, நல். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி. விரித்துப் பாருங்கள். சென்ற விருந்து, செல்கின்ற விருந்து, செல்லும் விருந்து என்று விரிகிறது. வந்த, வருகின்ற, வரும் என்றும் விரிகிறது. 'நல்' அப்படி விரியாது. அதற்குக் காலமே இல்லை. நன்மையாகிய விருந்து என்று பண்பாக மட்டுமே விரியும். ஆகவே முதல் இரண்டும் வினைத்தொகை, மூன்றாவது பண்புத்தொகை. குடிநீரையும் செந்நீரையும் குழப்பிக்கொள்கிறவர்களுக்கு இந்த ஒரு குறள் போதும். காலத்தைச் செலுத்திப் பார்த்தால் எது வினையிலிருந்து வந்தது, எது பண்பிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

அடுத்து அவளே ஒரு சொல்லைக் கொண்டுவந்தாள்: ஆறு. இது 'குடி'யைவிட வேடிக்கையான சொல், ஏனென்றால் இங்கே ஒரு சொல் மூன்று வேலை செய்யவில்லை; மூன்று தனிச் சொற்கள் ஒரே உருவத்தில் நடமாடுகின்றன. நதி ஒன்று, எண் ஒன்று, சூடு தணிவது ஒன்று. இவற்றைப் பிரிக்க இலக்கணம்கூட வேண்டாம், இரண்டு பழமொழி போதும். 'ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்.' 'ஆறிலும் சாவு, நூறிலும் சாவு.' நதியோடு 'இல்' சேரும்போது 'று' இரட்டித்து 'ஆற்றில்' ஆகிறது. எண்ணோடு சேரும்போது இரட்டிக்காமல் 'ஆறில்' என்றே நிற்கிறது. ஆகவே தொடரில் உருபில்லாமல் வெறும் 'ஆறு' என்று கிடந்தால், மனத்துக்குள் ஒரு 'இல்' சேர்த்துப் பாருங்கள். 'மழைக்குப் பிறகு ஆறு நிரம்பியது' என்பதில் ஆற்றில் என்றுதான் வரும். 'பன்னிரண்டில் பாதி ஆறு' என்பதில் ஆறில் என்றுதான் வரும். இரண்டும் பெயர், ஆனால் வெவ்வேறு பெயர்.

வினையான 'ஆறு' காலம் காட்டும்: கஞ்சி ஆறியது, புண் ஆறும். 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்னும்போது அதே வினை பெயரெச்சமாகி, கஞ்சிக்கு அடையாக நிற்கிறது. ஆத்திசூடியில் 'ஆறுவது சினம்' என்று படித்தோமே, அதில் வருவதும் இந்தத் தணிகிற ஆறுதான். அதையும் எண்ணையும் சேர்த்துக் குழப்பிய ஒரு விடைத்தாளை நான் பார்த்திருக்கிறேன். 'வது' என்ற முடிவைப் பார்த்து 'ஆறாவது' என்று எண்ணிக்கொண்டு, ஆறாவது பகை சினம் என்று பொருள் எழுதியிருந்தது அந்தப் பிள்ளை. எண்ணானால் 'ஆறாவது' என்று 'ஆ' வந்திருக்க வேண்டும். 'ஆறுவது' என்றால் அது வினையிலிருந்துதான் வர முடியும்.

'ஆறு பேர் வந்தார்கள்' என்பதில் எண் அடையாகிவிடுகிறது. ஒன்று, இரண்டு எல்லாம் அடையாகும்போது ஒரு, இரு என்று உருவம் மாறும், அதனால் நமக்கு எளிது. ஆறு அன்றாடப் பேச்சில் மாறுவதில்லை (அறுசுவை என்னும்போது குறுகுகிறது, அது தொகைச்சொல்). மாறாததால்தான் தேர்வில் கேட்கிறார்கள். 'ஆறு பேரை' என்று உருபு தாண்டிப் போவதைப் பார்த்தால், அது அடை.

அடுத்தது 'ஓடும்.' போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு பெயரெச்சம் என்று குறித்துவிடுகிறார்கள். மூன்று தொடர்களைப் பாருங்கள். ஓடும் ரயிலில் ஏறாதே. இந்த ரயில் நாளை முதல் ஓடும். ஓடும் செங்கல்லும் வந்து இறங்கின.

மூன்றாவதில் ஓடும் என்பது ஓட்டாஞ்சில்லில் இருக்கும் ஓடு; வீட்டுக் கூரையில் போடுவது. அதோடு 'உம்' சேர்ந்திருக்கிறது. செங்கல்லும் என்று இன்னொரு 'உம்' பின்னால் வருவதால் அது எண்ணும்மை. ஓடு பெயராக நிற்கும்போது உருபு சேர்ந்தால் ஆற்றைப் போலவே இரட்டிக்கும்: ஓட்டைப் பிரித்தார்கள், ஓட்டு வீடு. 'ஓடினான்' என்னும் வினையில் அந்த இரட்டிப்பு வராது. இந்த வேறுபாடு கையில் இருந்தால் மூன்றாவது தொடரில் யாரும் தவறமாட்டார்கள்.

முதல் இரண்டையும் பிரிப்பதுதான் கொஞ்சம் நுணுக்கமானது. இரண்டிலும் அதே வினை, அதே எதிர்காலம், அதே 'உம்'. முதலாவதில் 'ஓடும்' என்று நிறுத்தினால் கேட்பவர் காத்திருப்பார். எது ஓடும் என்று ஒரு பெயர் வந்தாக வேண்டும். எஞ்சி நிற்பதால் எச்சம். இரண்டாவதில் 'ஓடும்' என்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது. அது வினைமுற்று. வாய்விட்டுப் படித்தால் குரல் இறங்குகிறதா, தொங்குகிறதா என்று காதுக்கே தெரியும்.

இதற்கும் ஓர் உறுதியான அடையாளம் உண்டு. 'செய்யும்' என்னும் வாய்பாட்டில் வரும் முற்று எல்லாருக்கும் வராது. பலர்பாலுக்கும், முன்னிலைக்கும், தன்மைக்கும் வராது என்று நன்னூல் தெளிவாகவே சொல்கிறது. அது ஓடும், மாடுகள் ஓடும் என்கலாம். நான் ஓடும், நீ ஓடும், அவர்கள் ஓடும் என்று முடிக்க முடியாது. ஓடுவேன், ஓடுவாய், ஓடுவார்கள் என்றே முடிக்க வேண்டும். பெயரெச்சத்துக்கு அந்தத் தடை கிடையாது. 'நான் ஓடும் தெரு', 'அவர்கள் ஓடும் வேகம்' என்று தாராளமாகச் சொல்லலாம். ஆகவே நான், நீ, அவர்கள் என்பதோடு 'ஓடும்' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பெயரெச்சம் என்று எழுதலாம்.

தடுமாற வைப்பது ஒன்று உண்டு. 'ஓடும் அந்தப் பழைய நீல நிற ரயில்' என்று எழுதினால், ஓடும் என்பதற்கு அடுத்து 'அந்த' நிற்கிறது, பெயர் நிற்கவில்லை. அடுத்த சொல்லை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள் இங்கே வினைமுற்று என்று எழுதிவிடுவார்கள். எச்சம் முடிகிற பெயர் நான்கைந்து சொல் தள்ளியும் இருக்கலாம்.

முடிந்த வினைமுற்றே அப்படியே பெயராகிவிடுவதும் உண்டு. 'அவர் உதவி செய்தார்' என்பதில் 'செய்தார்' வினைமுற்று. 'இன்னாசெய் தாரை ஒறுத்தல்' என்று குறள் தொடங்கும்போது அதே 'செய்தார்' என்பதில் 'ஐ' ஒட்டிக்கொண்டது. தீங்கு செய்தவரை என்று ஆளைக் குறிக்கிறது. இதுதான் வினையாலணையும் பெயர். 'வந்தாரை வாழவைக்கும்' என்று நாம் அன்றாடம் சொல்வதிலும் இதுவே இருக்கிறது. உருபு இருந்தால் சந்தேகமே வராது. எழுவாயாக வரும்போதுதான் தடுமாற்றம். 'நடந்தது நடந்துபோச்சு' என்கிறோம். முதலில் வரும் 'நடந்தது', நடந்த நிகழ்ச்சியைக் குறிக்கும் பெயர். 'நேற்றுக் கூட்டம் நடந்தது' என்பதில் அதே உருவம் முற்று. 'நடந்ததை மறந்துவிடு' என்று உருபு சேர முடிகிறதா என்று பார்த்தால் பெயர் பிடிபடும்.

இங்கே ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். தொழிற்பெயர் காலம் காட்டாது, வினையாலணையும் பெயர் காலம் காட்டும் என்று பள்ளியில் சொல்லித் தருகிறோம். அதை மட்டும் பிடித்துக்கொண்டு 'நீ நேற்று வந்தது எனக்குத் தெரியும்' என்ற தொடரைப் பாருங்கள். 'வந்தது' இறந்தகாலம் காட்டுகிறது. ஆனால் அது வந்த ஆளையோ பொருளையோ குறிக்கவில்லை. வந்த செயலையே குறிக்கிறது. நீ வந்தமை என்று மாற்றினாலும் பொருள் கெடவில்லை. அதனால் இதைக் காலம் காட்டும் தொழிற்பெயர் என்று கொள்வதுதான் சரி என்பது என் கருத்து. காலம் இருக்கிறதா என்ற ஒன்றை மட்டும் கேட்டால் இங்கே தவறிவிடுவோம். ஆளா, பொருளா, செயலா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எல்லாம் முடிந்து அவள் தாளில் திருத்தி எழுதினாள்: முதல் குடி, முதனிலைத் தொழிற்பெயர், இரண்டாவது குடி, இரண்டாம் வேற்றுமை உருபேற்ற பெயர்ச்சொல். பக்கத்தில் சின்ன எழுத்தில் 'குடித்தல் போட்டுப் பார்' என்று தனக்காக ஒரு குறிப்பும் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் மாலை தெருமுனையில் இருக்கும் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள். "மாமா, அங்க 'குடிநீர் தொட்டி'ன்னு எழுதியிருக்கு. குடிநீர் வினைத்தொகைதானே, அதனால 'த்' வேண்டாம், சரிதானே?"

குடி, நீர் என்ற இரண்டுக்கும் நடுவில்தான் வினைத்தொகை. அந்த இரண்டும் சேர்ந்து குடிநீர் என்று ஆனதும் முழுச்சொல்லும் பெயராகிவிட்டது. அதற்கும் தொட்டிக்கும் உள்ள உறவு வேறு: குடிநீரைக் கொண்ட தொட்டி. உருபும் பயனும் மறைந்த தொகை. அங்கே ஒற்று மிகும். 'குடிநீர்த் தொட்டி' என்று அவள் நோட்டில் எழுதிக் காட்டி, 'குடி'க்கு அடியில் ஒரு கோடும் 'குடிநீர்' முழுவதற்கும் அடியில் இன்னொரு கோடும் போட்டேன். இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப மழைநீர்ச் சேகரிப்புலயும் 'ச்' வரணுமே?" என்றாள். வர வேண்டும்.